உங்கள் நாவலுக்கு மூன்று வகை எடிட்டிங்: வேலையும் கட்டணமும்

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய முதல் மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை வெறும் வாசகராக, அடுத்த முறை கையில் பேனாவோடு. அப்பா வீடு திரும்பும் அந்த மழை இரவு இன்னும் மனதில் நிற்கிறது. இது உங்கள் முதல் நாவல் என்றும், 14 அத்தியாயங்கள், மொத்தம் 42,000 சொற்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் எந்த அளவுக்கு எடிட்டிங் தேவை, எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கேள்வி.

வேலையை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறேன். மணிக்கட்டணம் மூன்றுக்கும் ஒன்றே. போனில் பேசிய அதே தொகைதான். மாறுவது வேலை நேரம் மட்டும். எந்த வகையை எடுத்தாலும் உங்கள் நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே படிப்பேன்; வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

வித்தியாசத்தை விளக்க உங்கள் இரண்டாம் அத்தியாயத்தின் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்:

"அப்பா வீட்டுக்கு வந்த போது மழை பெய்துக் கொண்டிருந்தது என்பதால் அவர் நனைந்து இருந்தார் என்பதை அம்மா பார்த்தாள்."

மெய்ப்பு: 20 மணி நேரம், இரண்டு வாரம்

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவது, நிறுத்தக்குறிகள், பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பது. மேலே உள்ள வரி இப்படி ஆகும்:

"அப்பா வீட்டுக்கு வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்பதால் அவர் நனைந்திருந்தார் என்பதை அம்மா பார்த்தாள்."

பிழை இல்லை. ஆனால் வாக்கியம் உங்களுடையது அப்படியே இருக்கிறது. ஒற்று விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். "வேலை கொடு" என்றால் பணி கொடு. "வேலைக் கொடு" என்றால் கையில் இருக்கும் வேல் என்ற ஆயுதத்தைக் கொடு. ஒரே ஓர் எழுத்து, பொருளே மாறிவிடுகிறது.

நடையைப் பற்றி உங்களுக்குச் சந்தேகமே இல்லை, மொழி தெரிந்த நண்பர்கள் இரண்டு பேராவது முழுவதும் படித்துக் கருத்துச் சொல்லிவிட்டார்கள் என்றால் இதுவே போதும். மேலே போக வேண்டியதில்லை.

மொழிச் செம்மை: 36 மணி நேரம், நான்கு வாரம்

மெய்ப்பில் உள்ளவை எல்லாம் இதிலும் உண்டு. அதோடு ஒவ்வொரு வாக்கியமும் சொல்ல வந்ததைச் சொல்கிறதா என்று பார்ப்பேன். அதே வரி இங்கே இப்படி வரும்:

"மழையில் நனைந்தபடி வந்து நின்ற அப்பாவை அம்மா பார்த்தாள்."

அம்மா பார்த்தது நனைந்து நிற்கும் மனிதரை. "என்பதால்", "என்பதை" இரண்டும் நடுவில் நின்று அந்தப் பார்வையை மறைத்தன. இந்தப் பழக்கம் மூன்று அத்தியாயங்களிலும் தொடர்ந்து வருகிறது. ஒரு பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன், "என்பதை" மட்டும் ஒன்பது இடங்களில் இருந்தது. இன்னொன்று, பேச்சு மொழி. பாட்டி முதல் அத்தியாயத்தில் வட்டார வழக்கில் பேசுகிறார், மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்துத் தமிழில் பேசுகிறார். வாசகர் அந்த இடத்தில் பாட்டியைத் தொலைத்துவிடுகிறார்.

வேலை எப்படி நடக்கும் என்றால், 28 மணி நேரம் முதல் சுற்று. எல்லா மாற்றமும் வேர்ட் ஃபைலில் ட்ராக் சேஞ்சஸ் வழியாகத்தான். நான் தொட்ட ஒவ்வோர் இடமும் உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில். எனக்குப் புரியாத இடங்களை ஓரத்தில் கேள்விகளாக எழுதுவேன். அந்தக் கேள்விகளைத் தொகுத்து உங்களுக்குக் கடிதம் எழுத 2 மணி நேரம். நீங்கள் பதில் அனுப்பியபின் மீண்டும் முழுவதும் படிக்க 6 மணி நேரம். இந்த இரண்டாம் சுற்றை எக்காரணம் கொண்டும் விட மாட்டேன், ஏனென்றால் திருத்தும்போது புதுப் பிழைகள் நுழைவது சகஜம்.

முழு எடிட்டிங்: 80 மணி நேரம், மூன்று மாதம்

இங்கே வரியோடு நிற்காமல் கதையையே கேள்வி கேட்பேன். அப்பா ஏன் அந்த இரவில் வந்தார் என்பது கதைச் சுருக்கத்தின்படி ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. அதுவரை வாசகர் காத்திருப்பாரா? அம்மாவின் மௌனம் அதைத் தாங்குமா? இப்படிப்பட்ட குறிப்புகளோடு நீண்ட அறிக்கை ஒன்று தருவேன், இரண்டு முறை உட்கார்ந்து பேசுவோம், நீங்கள் மாற்றி எழுதுவீர்கள். அதன்பிறகே மொழிச் செம்மை தொடங்கும். உங்களுக்கும் இதில் நிறைய உழைப்பு இருக்கிறது. கதை எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

என் கருத்து

கேட்டதால் சொல்கிறேன். உங்கள் கதையின் எலும்புக்கூடு உறுதியாக இருக்கிறது. சுருக்கத்தைப் படித்தவரை, நிகழ்வுகளின் வரிசையைக் கலைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தென்படவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் பற்றிய கேள்விக்கு நீங்களே யோசித்து விடை காணலாம். ஆகவே 80 மணி நேரத்துக்கு இப்போது செலவழிப்பது அதிகம் என்று நினைக்கிறேன். மறுபக்கம், மெய்ப்பு மட்டும் பார்த்தால் "என்பதை"களும் பாட்டியின் இரட்டைக் குரலும் பிழையில்லாமல் அப்படியே அச்சேறும். நீங்கள் அனுப்பிய பக்கங்களுக்குப் பொருந்துவது நடுவில் உள்ளதுதான்.

ஆனால் முடிவு உங்களுடையது. பணம் இப்போது இடிக்கிறது என்றால் மெய்ப்பை எடுங்கள். அதையும் இதே அக்கறையோடுதான் செய்வேன். எந்த இடங்களில் வாக்கியம் தடுக்கிறது என்று மஞ்சள் நிறத்தில் குறித்துத் தருகிறேன், நீங்களே திருத்திக்கொள்ளலாம். மெய்ப்பில் தொடங்கி, போகப்போக மொழிச் செம்மை வேண்டும் என்று தோன்றினால், அதுவரை செலுத்தியது அப்படியே கழியும். மீதி மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். எதிர்ப்பக்கமும் அப்படியே. மொழிச் செம்மையில் நாலைந்து அத்தியாயம் தாண்டியபின் நடை நான் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தால், நானே சொல்லி மெய்ப்புக்கு இறக்கிவிடுவேன்.

கட்டணத்தில் பாதி தொடங்கும்போது, மீதி வேலை முடிந்து ஃபைல் உங்கள் கைக்கு வந்ததும். மேலே சொன்ன மணி நேரத்தைத் தாண்டினால் அது என் கணக்கு. இந்தக் கட்டணம் 60 நாள்வரை மாறாது, அவசரப்பட வேண்டாம். நடுவில் நான் போனில் அழைத்துக் கேட்கவும் மாட்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கங்களை மொழிச் செம்மை செய்து இதோடு இணைத்திருக்கிறேன். இதற்குக் கட்டணம் கிடையாது. முதலில் அதைப் படியுங்கள். உங்கள் குரல் அதில் உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த வரியில் தொலைந்தது என்று குறித்து அனுப்பினால் அங்கிருந்தே பேசத் தொடங்கலாம்.