தன்விவரம்: வாகனப் பிரிவு மேலாளர் பணிக்கு

செ. முருகானந்தம்
வயது 38, சேலம்
தொலைபேசி எண்ணும் முகவரியும் விண்ணப்பக் கடிதத்தில் உள்ளன.

சுருக்கமாக

லாரித் தொழிலில் 19 வருட அனுபவம். அதில் கடைசி ஆறு வருடம் 64 வண்டிகளுக்கும் 81 ஓட்டுநர்களுக்கும் முழுப் பொறுப்பு. டீசல் செலவைக் குறைப்பது, சொன்ன நேரத்துக்குச் சரக்கை இறக்குவது ஆகிய இரண்டிலும்தான் என் கவனம் அதிகம். ஓசூர் கிடங்குக்கு நீங்கள் கேட்டிருக்கும் பணியும் அதுவே என்பதால் விண்ணப்பிக்கிறேன்.

இப்போதைய பணி: வாகனப் பிரிவு மேலாளர், சேலம் (2019 ஜூன் முதல்)

உணவுப் பொருள் கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றும் தனியார் நிறுவனம். நான் வேறு வேலை தேடுவது அங்கே இன்னும் தெரியாது. பெயரை நேர்முகத்தில் சொல்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள வண்டிகள்: டாரஸ் 38, ஆறு சக்கர லாரி 14, நகருக்குள் ஓடும் குட்டி யானை 12. சேலத்திலிருந்து சென்னை, பெங்களூரு, கொச்சி ஆகியவை முக்கியத் தடங்கள்.

*டீசல்*

நான் பொறுப்பேற்றபோது டாரஸ் வண்டிகளின் சராசரி மைலேஜ் லிட்டருக்கு 3.5 கி.மீ. இப்போது 3.9. ஒரு வண்டி மாதம் 8,000 கி.மீ. ஓடுகிறது. 38 வண்டிக்கும் சேர்த்தால் மாதம் சுமார் 8,900 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் எட்டு லட்சத்துக்கு மேல்.

இதற்காகப் புது வண்டி எதுவும் வாங்கவில்லை. திங்கட்கிழமை தோறும் டயர் காற்று பார்ப்பது, இறக்கும் இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதை நிறுத்துவது, டேங்க் நிரப்பி அடுத்த முறை டேங்க் நிரப்பும் வரை கணக்கெடுப்பது என்று எல்லாமே சின்னச் சின்ன வேலைதான்.

பெரிய மாற்றம் வந்தது தொப்பூர் கணவாயில். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று பல ஓட்டுநர்கள் நம்பியிருந்தார்கள். இன்றைய எஞ்சினில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவது தானாக நிற்கும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் போகும், பிரேக்கும் சூடாகும். சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அப்புறம் மூத்த ஓட்டுநர் ஒருவரோடு நானே கேபினில் உட்கார்ந்து போய் இரண்டு விதமாகவும் இறங்கிக் காட்டினேன். அந்த அண்ணன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மிச்சமாகும் டீசலில் நாலில் ஒரு பங்கு ஓட்டுநருக்கு என்ற ஏற்பாடும் அப்போது வந்தது.

*நேரம் தவறாமை*

சொன்ன நேரத்திலிருந்து அரை மணிக்குள் வாசல் பதிவேட்டில் ஏறினால்தான் 'சரியான நேரம்' என்று எழுதுகிறேன். 2019-ல் 78 சதவீதம், 2024-ல் 94 சதவீதம். தாமதம் சாலையில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று மாதப் பதிவைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் எங்கள் லோடிங் மேடையிலேயே போயிருந்தது. ஏற்றும் நேரத்தை மதியத்துக்கு மாற்றி, சென்னை வண்டிகளை மாலை ஏழு மணிக்குள் கிளப்பினோம். காலையில் கனரக வண்டிக்குத் தடை தொடங்கும் முன்பே அவை ஊருக்குள் போய்விடுகின்றன. மீதி ஆறு சதவீதத்தில் பெரும்பங்கு கொச்சித் தடம். அதை இன்னும் சரிசெய்யவில்லை.

*கண்காணிப்பு முறைகள்*

டாடா வண்டிகளுக்கு ஃப்ளீட் எட்ஜ், லேலண்டுக்கு ஐ-அலர்ட், பழைய வண்டிகளுக்குத் தனி ஜிபிஎஸ் கருவி, 20 வண்டிகளில் டீசல் சென்சார். ஃபாஸ்டேக்கில் பிடிக்கப்பட்ட தொகையை ஜிபிஎஸ் தடத்தோடு வாரம் ஒருமுறை ஒப்பிடுகிறேன். இ-வே பில் காலாவதியாகும் முன் எச்சரிக்கை வரும்படி எக்செல்லில் நானே ஒரு தாள் செய்து வைத்திருக்கிறேன்.

ஒருமுறை கிருஷ்ணகிரி அருகே இரவில் 30 லிட்டர் குறைந்ததாக சென்சார் காட்டியது. ஓட்டுநர் மேல் சந்தேகம் வந்தது. வண்டி நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன், நல்ல சரிவு. டேங்கில் டீசல் ஒருபக்கம் சாய்ந்ததால் வந்த குறை அது. சமதளத்துக்கு வந்ததும் அளவு ஏறிவிட்டது. அன்றிலிருந்து, வண்டி நின்ற இடத்தையும் அடுத்த அரை மணி நேர வரைபடத்தையும் பார்க்காமல் எந்த ஓட்டுநரையும் கேள்வி கேட்பதில்லை.

முந்தைய பணிகள்

2013–2019: உதவி மேலாளர், நாமக்கல். 27 லாரிகள். எஃப்சி, பர்மிட், இன்சூரன்ஸ் தேதிகள் என் பொறுப்பு. ஆறு வருடத்தில் ஒரு வண்டிகூடக் காகிதம் இல்லாமல் நிற்கவில்லை.
2009–2013: டிராஃபிக் சூப்பர்வைசர், சங்ககிரி.
2006–2009: லாரிப் பட்டறையில் மெக்கானிக்.

படிப்பும் மற்றவையும்

மெக்கானிக்கல் டிப்ளமோ, 2006. கனரக வாகன உரிமம் நடப்பில் உள்ளது. தமிழ், ஆங்கிலம் எழுதப் பேசத் தெரியும், கன்னடம் பேசுவேன்.

எதிர்பார்க்கும் சம்பளம்: மாதம் 75,000 ரூபாய். சேர ஒரு மாத அவகாசம் வேண்டும்.

மேலே உள்ள விவரங்கள் உண்மை. மைலேஜ், நேரப் பதிவுகளின் மாதக் கணக்கை நேர்முகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சேலம்
10.03.2025
செ. முருகானந்தம்