நீல அட்டை

நான்காக மடித்த நோட்டுத் தாளைப் பையன் நீட்டினான். "தாத்தா உங்க கையிலதான் கொடுக்கச் சொன்னாரு."

மன்னார்குடியில் விதைக்கடை வைத்திருக்கும் கோவிந்தராசு நின்றபடியே படித்தார்.

"கடைக்காரருக்கு. உம்மிடம் வாங்கிய ஆடுதுறை 45 விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் மூட்டம் போட்டேன். பாதி ஊமையாய்க் கிடக்கிறது. மூட்டையில் நீல அட்டை மட்டும் ஜம்மென்று தொங்குகிறது. அதை விதைத்தால் முளைக்குமா? மேட்டூர் திறந்து, கடைமடையில் இருக்கிற எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுவதே பெரும்பாடு. எட்டும்போது என்னிடம் நாற்று இருக்காது. நாலு ஊரில் சொல்லாமல் விடமாட்டேன்."

'மூட்டம் சரியாப் போட்டிருக்க மாட்டீங்க' என்று சொல்லி அனுப்பலாம். இருபது வருஷத்தில் பல பேருக்கு அவர் சொன்ன பதில்தான் அது. பாதி தடவை உண்மையும்கூட. ஆனால் அந்த நீல அட்டை உறுத்தியது. நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும் என்பதற்குத்தானே சான்று விதைக்கு அந்த அட்டை?

கிடங்குக்குப் போனார். அதே குவியலில் மிச்சமிருந்த மூட்டைகளில் கடைசி இரண்டும் மரச்சட்டம் இல்லாமல் வெறுந்தரையில் கிடந்தன. கோடை மழை ஒழுகிய சுவரோரம். கையை விட்டால் சில்லென்றது.

மறுநாள் காலை பெரியவர் வயலில் போய் இறங்கினார்.

"சண்டைக்கு வந்தியா?"

"இல்லைங்கய்யா. தப்பு என் கிடங்குல. ஈரத்துல மூட்டையை வச்சுட்டேன்."

பெரியவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

விதைக்காசைத் திருப்பித் தந்தால் மட்டும் பருவம் திரும்பி வருமா? கோவிந்தராசு மச்சான் ஊரில் மிஞ்சியிருந்த நாற்றைப் பறிக்கச் சொல்லி, முடி கட்டி, சின்ன யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார். பறிகூலியும் வண்டி வாடகையும் அவருடையது. அந்த மாதம் கடை லாபம் அதிலேயே போயிற்று. வீட்டில் பேச்சும் வாங்கினார்.

அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, முளைத்ததை எண்ணிச் சிலேட்டில் எழுதுவார்.

மறு குறுவைக்குப் பெரியவர் தன் ஊர்க்காரர்கள் ஆறு பேரோடு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாக்கைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். கூட வந்தவர்கள் சங்கடமாகப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்தி மூணுன்னு எழுதியிருக்க. தொண்ணூத்தி ஒண்ணுதான் இருக்கு."

கோவிந்தராசு சிலேட்டைத் துடைத்து 91 என்று எழுதினார்.

"சரி, எனக்கு ரெண்டு மூட்டை போடு. இவங்களுக்கும் என்ன வேணும்னு கேளு."