ஒரு விரற்கடை காற்று

நியூயார்க், மெட்ரோபாலிட்டன் மியூசியம்.
கண்ணாடிக்குள் காரைக்கால் அம்மையார்.
சோழர் காலத்து வார்ப்பு,
ஒரு சாண் உயரம்.

கழுத்தெலும்பு இரண்டும்
கோடையில் வரப்பு மாதிரி எழும்பி நிற்கின்றன.
வற்றிய முலை.
உட்கார்ந்த தொடையில் ஒட்டிய தோல்.
உடம்பு முழுக்கக் கழித்துக் கழித்து வந்தவன்
கைகளுக்கு மட்டும் எதையோ கூட்டியிருக்கிறான்:
தாளம்.
எதிரெதிரே இரண்டு வட்டம்,
நடுவில் ஒரு விரற்கடை காற்று.
அடித்து முடித்ததா, அடிக்கப் போவதா
மெழுகில் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

என் பேறுகாலத்துக்கு வந்த அம்மா
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள்.
"நம்ம ஊர்க்காரிடி.
ஆனிப் பௌர்ணமிக்கு மாடியிலேர்ந்து
எவ்வளவு மாம்பழம் இறைச்சிருப்போம்."

பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில்:
"தேடிப் போனப்போ
ரெண்டாம் பொண்டாட்டியோட வந்து கால்ல விழுந்தான்.
பொண்ணுக்கு இவ பேரையே வச்சிருந்தான்.
விழுந்தவன் எழுந்து வீட்டுக்குப் போயிட்டான் பாரு.
இவதான் உடம்பையே விட்டா."

அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு
என்று கேட்டு வாங்கிய பேயுரு இது.
அம்மா எதையும் கேட்டு வாங்கியதில்லை.
மூன்று பிரசவம், முப்பது வருட அடுப்பு,
அப்பாவின் கடைசி இரண்டு வருடம்.
கண்ணாடியில் அவள் கழுத்தெலும்பு
அம்மையாரின் கழுத்தெலும்பின் மேல்
அளவெடுத்ததுபோல் விழுந்திருந்தது.
நான் சொல்லவில்லை.

காவலாளி திரும்பிய நேரம் பார்த்து
அம்மா கைகூப்பினாள்.
மூட்டுவலி. உள்ளங்கைகள் சேரவில்லை.
நடுவில் ஒரு விரற்கடை காற்று.