துப்பாக்கிச் சூடு தூத்துக்குடியில். நெட் போனது குமரியிலும்

நாகர்கோவில், மே 24, 2018:

களியக்காவிளையைத் தாண்டி கேரள எல்லைக்குள் இஞ்சிவிளைக்குப் போகும் சாலையோரம், இன்று காலை பத்து மணிக்கே முப்பது நாற்பது பைக்குகள் நின்றன. யாரும் எங்கும் போகவில்லை. தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் புளியமரத்துக்கு இப்பால வந்தா கேரளா டவர் எடுக்கும் பாத்துக்கிடுங்க. அந்தால போனா ஒண்ணும் கெடையாது" என்றார் குலசேகரத்திலிருந்து வந்திருந்த ரப்பர் வியாபாரி.

ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாளான மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணைய சேவையை நிறுத்த தமிழக உள்துறை நேற்று உத்தரவிட்டது. சமூக வலைதளங்களில் வதந்தி பரவுவதைத் தடுக்கவே இந்த நடவடிக்கை என்கிறது அரசு. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி சுமார் 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 'எங்களுக்கு ஏன்?' என்பதுதான் இங்கே டீக்கடைகளில் முதல் கேள்வி.

ரப்பர் வியாபாரியின் லாரி கோட்டயத்துக்குப் போக வேண்டியது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லை தாண்ட வேண்டுமானால், ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். எஸ்.எம்.எஸ். மூலமும் பில் போடலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே இணையதளத்தில் போன் நம்பரைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். அவர் பதியவில்லை. எனவே லோடு ஏற்றிய லாரியைக் கிட்டங்கி வாசலில் நிறுத்திவிட்டு, 20 கி.மீ.க்கு மேல் பைக்கில் வந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஸ்வைப் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். அந்த மெஷினுக்குள் இருப்பதும் ஒரு சிம் கார்டுதானே.

மாணவர்கள் பாடு இன்னும் மோசம். இன்ஜினியரிங் கவுன்சலிங் இந்த ஆண்டுதான் முதல்முறையாக ஆன்லைனுக்கு மாறியிருக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 30. தக்கலை அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் பிளஸ் டூ முடித்த பெண்ணும் அவருடைய அப்பாவும் காத்திருந்தார்கள். மதிப்பெண், சாதி விவரம் எல்லாம் புதன்கிழமையே பதிந்தாகிவிட்டது. பணம் கட்டுவது மட்டும் பாக்கி. "கார்டு நம்பர் அடிச்சேன் சார். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ல வந்துட்டு. அதப் போடதுக்குள்ள பக்கம் போயிட்டு" என்றார் அந்தப் பெண். அந்த ஆறு இலக்க எண் இன்னும் அவருடைய போனில் கிடக்கிறது. 500 ரூபாய் அக்கவுண்டிலிருந்து போனதா இல்லையா என்று வங்கிக்குப் போய்த்தான் கேட்க வேண்டுமாம்.

போன் அழைப்புகள் வேலை செய்கின்றன. அதனால் 108க்கு அழைப்பதில் சிக்கல் இல்லை என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். மலையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் செவிலியர் சொன்னது வேறு. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ஈ.சி.ஜி. தாளைப் படம் எடுத்து, நகரத்தில் இருக்கும் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். இன்று அதிகாலை வந்த ஒரு முதியவருக்கு அந்தக் கோடுகளைப் போனில் வாயால் விவரிக்க வேண்டியிருந்தது. 'ஏறுதா, எறங்குதா, எந்த லீடுல?' என்று மருத்துவர் கேட்கக் கேட்க, இவர் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்புலன்ஸில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு லொகேஷன் வருவதில்லை. குறுக்குச் சந்துகளில் நின்று வழி கேட்டுப் போகிறார்கள்.

கடற்கரையில் நிலைமை வேறு மாதிரி. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். மேற்கில் அது ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் அரபிக்கடலில் இருக்கின்றன. ஓமனை நோக்கி மேகுனு புயல் போய்க்கொண்டிருக்கிறது. வானிலை எச்சரிக்கை கரையில் இருக்கும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும். அவர்கள் வயர்லெஸ்ஸில் படகுகளுக்குச் சொல்வார்கள். ஒக்கி புயல் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்று அந்தக் குழு ஊமையாகிவிட, ஒருவர் கொச்சியில் இருக்கும் மைத்துனரைப் போனில் பிடித்து, அவர் படித்துச் சொல்லச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

தொலைத்தொடர்பு சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான 2017 விதிகளின்படி, இப்படி ஓர் உத்தரவு போட்டால் மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் கூடி அது சரியா என்று பார்க்க வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு வருவதால் அந்தக் கெடு மே 30 வரை நீள்கிறது. தடையோ 27ஆம் தேதியே முடிந்துவிடும்.