கம்யூனிட்டி ஹால் படங்கள்: கமிட்டி மீட்டிங்ல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். செக்ரட்டரி சார், ட்ரெஷரர் மேடம், அங்கிள்ஸ், ஆன்ட்டீஸ், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவிய விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்கமாட்டேன். என்னை பி பிளாக் மூணாவது மாடி ஆர்க்கிடெக்ட் பொண்ணுன்னு உங்களுக்கு தெரியும், நாம கட்டப்போற கம்யூனிட்டி ஹாலோட டிசைனுக்கு நான் ஃபீஸ் வாங்கல, அதனால பிடிக்கலன்னா தாராளமா திட்டலாம், காசு குடுத்து திட்டுற மாதிரி சங்கடம் இருக்காது.

மொத்தம் அஞ்சு படம் கொண்டுவந்திருக்கேன். முதல் படத்தை போடுறேன், லைட்டை கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க அங்கிள்.

ம்ம், இந்த சத்தம் வரும்னு எனக்கு தெரியும். சூப்பரா இருக்குல்ல? மேற்கு காம்பவுண்ட் சுவர் ஓரமா, இப்ப பழைய சைக்கிளும் உடைஞ்ச தொட்டியும் கெடக்குதே அந்த இடம்தான் இது, முன்னாடி நீளமா ஒரு திண்ணை, வேப்பமரம், குழந்தைங்க ஓடுறாங்க, ஒருத்தர் பேப்பர் படிக்கிறார். இப்ப நானே இந்த படத்தை கொஞ்சம் காலி பண்றேன். இது அக்டோபர் மாசம் காலைல எட்டு மணி வெயில், நானா செலக்ட் பண்ணி வச்சது. வேப்பமரம் நம்ம மரத்தை விட ஒரு மடங்கு பெருசு, சாஃப்ட்வேர்ல கிடைச்ச மரம் அது. கேமரா வைடு ஆங்கிள், அதான் 54 அடி ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரியுது. பொண்ணு பாக்க அனுப்புற ஃபோட்டோ மாதிரின்னு வச்சுக்கோங்க, பொய் கிடையாது, ஆனா லைட்டு பாத்து எடுத்தது. போன வாரம் வாட்ஸாப் குரூப்ல இந்த ஒரு படத்தை மட்டும் யாரோ போட்டு 40 தம்ஸ் அப் வந்திருக்கு, எனக்கு பயமே அப்பதான் வந்துச்சு, ஏன்னா அந்த 40 பேரும் ஓகே சொன்னது என் மரத்துக்கு, ஹாலுக்கு இல்ல.

ரெண்டாவது படம். இது உள்ள. கேமரா என் கண்ணு உயரத்துல, அஞ்சடியில, நார்மல் லென்ஸ். சின்னதா போச்சேன்னு தோணுதா, இதுதான் நிஜம். உள்ள 54 அடி நீளம், 30 அடி அகலம். சேர் போட்டா 150 பேர் தாராளமா உக்காரலாம். ஆனா நம்ம ஊர்ல ஒரு ஹால் போதுமா போதாதான்னு சேர் கணக்குல யாரும் பாக்கமாட்டாங்க, இலை கணக்குலதான் பாப்பாங்க. ஒரு இலைக்கு ரெண்டடி, ஓரத்துல நடக்க இடம் விட்டா ஒரு வரிசைக்கு 24 இலை, பரிமாற ஆள் போய்வர சந்து விட்டு நாலு வரிசை, ஆக ஒரு பந்திக்கு 96 பேர். நம்மகிட்ட 112 வீடு இருக்கு, வீட்டுக்கு மூணு பேர் பொங்கல் விழாவுக்கு வந்தா நாலு பந்தி. சீமந்தம், காதுகுத்து, பொறந்தநாள் இதுக்கெல்லாம் ரெண்டு பந்தியில முடிஞ்சிடும். கல்யாணத்துக்கு இந்த ஹால் பத்தாது, அத இப்பவே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் என் பொண்ணு கல்யாணத்தை இங்கயே வைக்கலாம்னு நெனச்சேனேன்னு கேக்கக்கூடாது.

ஏன் பெருசா கட்டக்கூடாது, பார்க் பக்கம் இழுக்கலாமேன்னு போன மீட்டிங்ல ஒருத்தர் கேட்டார். அந்த பார்க் ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளிக்குன்னு ஒதுக்கின நிலம் சார், கட்டும்போதே கிஃப்ட் டீட் போட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்தாச்சு, நாம தண்ணி ஊத்துறோம்ங்கிறதுக்காக அது நம்மளது ஆயிடாது, அதுல ஒரு செங்கல் வைக்க முடியாது. அந்த பேச்சை இதோட விட்டுடலாம்.

இப்ப மூணாவது படம். இதுலதான் நீங்க எல்லாரும் முழிச்சு பாக்கணும்.

இது அதே முன்பக்கம், ஆனா வேற ஆங்கிள்ல இருந்து. முதல் படத்துல இடது ஓரமா கட் ஆகியிருந்ததே, அங்க என்ன இருக்கு பாருங்க. சாய்தளம். ஹால் தரை, வெளி ரோட்டை விட மூணடி மேல. ஏன்னு இந்த ரூம்ல யாருக்கும் விளக்க வேணாம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல இருந்துட்டு தண்ணிய மறந்தா எப்படி, 2015 டிசம்பர்ல அந்த இடத்துல ரெண்டடி தண்ணி நின்னுச்சு, 2023ல மிக்ஜாம் வந்தப்பவும் நின்னுச்சு, ஜெனரேட்டர் ரூம்ல இருந்து டீசல் வாடை நாலு நாள் போகல. அந்த மாதிரி நேரத்துல கிரவுண்ட் ஃப்ளோர்காரங்க வந்து படுக்க ஒரு காஞ்ச இடம் வேணும், அதுதான் என் மனசுல இருந்த ஹால். சரி, மூணடி ஏத்தியாச்சு. இப்ப வீல்சேர்ல வர்ற தாத்தா எப்படி ஏறுவார்? ஒரு அடி ஏற பன்னெண்டு அடி சாய்தளம் வேணும், அதுக்கு மேல செங்குத்தா போட்டா தள்ளுறவருக்கும் சேத்து ஆபத்து. மூணடிக்கு 36 அடி. நடுவுல ஒரு சமதளம் வச்சு யூ மாதிரி திருப்பி போட்டிருக்கேன், அப்பவும் ரெண்டு விசிட்டர் பார்க்கிங் காலி.

ஆமா, ரெண்டு. நான் இத முதல் படத்துலயே காட்டியிருக்கணும், காட்டல, அழகு கெடுதுன்னு கேமராவ நகத்திட்டேன், தப்பு என்மேல.

இன்னொரு வழி இருக்கு. ஒன்றரை அடி மட்டும் ஏத்தலாம், சாய்தளம் 18 அடியில முடிஞ்சிடும், பார்க்கிங் ஒண்ணும் போகாது. ஆனா 2015 மாதிரி வந்தா உள்ள அரை அடி தண்ணி வரும். வரட்டும்னு ஏத்துக்கிட்டு கட்டுறதும் ஒரு முறைதான், ஸ்விட்ச் பாயின்ட் எல்லாம் நாலடிக்கு மேல, கீழ மர வேலையே கிடையாது, தரை கோட்டா கல்லு, தண்ணி வடிஞ்சதும் கழுவி விட்டா போதும். ஆனா அந்த நாலு நாள் அங்க யாரும் தங்க முடியாது. எனக்கு மூணடிதான் சரின்னு படுது. ஆனா கார் நிறுத்துற சண்டைய தினம் தீர்த்து வைக்கறது நான் இல்ல, நீங்க. அதனால எனக்கு வேண்டிய முதல் பதில் இதுதான், பார்க்கிங்கா உயரமா.

நாலாவது படம், இத பாத்து பயப்படாதீங்க. மே மாசம், சாயங்காலம் நாலு மணி. ஹாலோட நீளமான சுவர் மேற்க பாத்து இருக்கு, வேற வழியில்ல, இடம் அப்படி. அதனால அந்த பக்கம் பெரிய ஜன்னலே வைக்கல, ஓட்டை ஓட்டையா இருக்கிற ஜாலி பிளாக்கும் அதுக்கு உள்ள ரெண்டடி தள்ளி இன்னொரு சுவரும். காத்து எங்கிருந்து வரும்னா ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அந்த சந்து, மத்தியானத்துக்கு மேல கடல் காத்து தென்கிழக்குல இருந்து அதுல சீறிட்டு வரும், துணி காயப்போடுறவங்களுக்கு தெரியும். அதுக்கு நேரா கதவு வச்சிருக்கேன். தினசரி யோகாவுக்கு, டியூஷனுக்கு ஏசி இல்லாம ஃபேன்லயே ஓட்டலாம்னு நம்புறேன். ஏசி போடுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஜாலி எல்லாத்தையும் மூடுற மாதிரி வேற டிசைன் பண்ணணும், கட்டி முடிச்சப்புறம் கண்ணாடி ஒட்டுறது அசிங்கமா இருக்கும்.

இதுலயே இன்னொண்ணு, சமையல் இடம். தென்கிழக்கு அக்னி மூலைதானேம்மான்னு ரெண்டு ஆன்ட்டி லிஃப்ட்ல மடக்கி கேட்டாங்க. அங்க வச்சா கடல் காத்து அடிச்சு தாளிக்கிற புகை மொத்தமும் ஹாலுக்குள்ள வந்துடும் ஆன்ட்டி, மைக்ல பேசுறவர் இருமிட்டே இருப்பார். அதனால வடமேற்குல வச்சிருக்கேன், வாயு மூலையும் சமையலுக்கு ஆகும்னு சொல்றவங்க இருக்காங்க, அத பிடிச்சுக்கோங்க ப்ளீஸ். ஆனா எனக்கு தெரிய வேண்டியது மூலை இல்ல. அங்க அடுப்பு வச்சு சமைக்கப் போறோமா, இல்ல கேட்டரிங்காரர் கொண்டுவந்ததை சூடு பண்ணி பரிமாற மட்டுமா? சமைக்கிறதுன்னா கேஸ் சிலிண்டருக்கு வெளிய தனி கூண்டு, எண்ணெய் தண்ணிக்கு க்ரீஸ் ட்ராப், இடம் ரெட்டிப்பு. இது ரெண்டாவது கேள்வி.

கடைசி படம், கூரை. ரெண்டு விதமா போட்டிருக்கேன், ஒண்ணை எடுக்கணும், இது மூணாவது கேள்வி. இடது பக்கம் கான்கிரீட் தளம், மேல சோலார் வைக்கலாம். வலது பக்கம் சரிவா இரும்பு ட்ரஸ் போட்டு ஷீட், பாக்க இதுதான் அழகு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனா படத்துல சத்தம் கேக்காது பாருங்க. நவம்பர் மழையில ஷீட்டுக்கு கீழ நின்னு ஒரு ஜெனரல் பாடி மீட்டிங் நடத்தி பாருங்க, ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கு கேக்காது, சிலபேருக்கு அது வசதியாக்கூட இருக்கலாம். உள்ள இன்சுலேஷன் குடுத்தா குறையும், முழுசா போகாது. சத்தம்னு வந்தாச்சு, பி பிளாக் பெட்ரூம் எல்லாம் இந்த பக்கம்தான், எங்க வீடும் சேத்து. ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுங்கறது சட்டமே இருக்கு, இருந்தாலும் பத்து மணி வரைக்கும் நாங்கதானே கேக்கணும், அதனால பி பிளாக் ரெப் இந்த கூரை விஷயத்துல வீட்டுக்கு வீடு கேட்டுட்டு வந்து சொன்னா நல்லது.

செலவு எவ்வளவுன்னு ட்ரெஷரர் மேடம் கண்ணாலயே கேக்கறாங்க. இன்னிக்கு சொல்லமாட்டேன் மேடம். உயரம், சமையல், கூரை மூணும் முடிவாகாம ஸ்கொயர் ஃபீட்டுக்கு இவ்ளோன்னு ஒரு நம்பர் சொன்னா, அந்த நம்பர்தான் எல்லார் மனசுலயும் நிக்கும், அப்புறம் அது ஏறினா நான் கமிஷன் அடிச்சேன்னு பேச்சு வரும். மூணும் முடிவாச்சுன்னா எஞ்சினியர்கிட்ட குடுத்து குவான்டிட்டி எடுத்து எஸ்டிமேட் கொண்டுவர்றேன். பிளானிங் பெர்மிஷன் இல்லாம வேலை ஆரம்பிக்கிற பேச்சும் வேணாம், அது வாங்கறதுக்கும் முடிவான ப்ளான்தான் வேணும்.

ஃபீட்பேக் எப்படி வேணும்னா, வாட்ஸாப்ல தம்ஸ் அப், கைகூப்பு, ரோஜாப்பூ இதெல்லாம் வேணாம். அஞ்சு படமும் ஏ3 சைஸ்ல ஒவ்வொரு பிளாக் லிஃப்ட் பக்கத்துலயும் நாளைக்கு ஒட்டிடுவேன், பேனா கட்டி தொங்கவிடுறேன், படத்து மேலயே எழுதுங்க, வீட்டு நம்பர் போட்டு. கலர் பத்தி எழுதாதீங்க, பெயின்ட் அடிக்கிற அன்னிக்கு சண்டை போட்டுக்கலாம். நீங்க அந்த ஹால்ல என்ன செய்வீங்கன்னு எழுதுங்க, கேரம் போர்டு எங்க வைக்கணும், செருப்பு எங்க விடுறது, பதினாறாம் நாள் காரியம் பண்ண விடுவீங்களா மாட்டீங்களா, இத நேர்ல கேக்க கூச்சப்படுவாங்க, எழுதுவாங்க. வர்ற 20ஆம் தேதி ராத்திரி எடுத்துடுவேன், அதுக்கப்புறம் வர்ற கமென்ட் அடுத்த ஹாலுக்கு. கமிட்டி கிட்ட இருந்து மட்டும் அந்த மூணு பதிலும் எழுத்துல, செக்ரட்டரி கையெழுத்தோட.

லைட் போடலாம் அங்கிள். கேள்வி எல்லாம் இங்க உக்காந்து வேணாம், கீழ போய் கேக்கலாம். மத்தியானமே ஹால் அளவுக்கு கோலமாவுல கோடு போட்டு வச்சிருக்கேன், வாட்ச்மேன் அண்ணா ரெண்டு காரை நகத்தி குடுத்தார், சாய்தளம் எங்க வருதுன்னும் அதுல தெரியும். நாலு சேரும் ஒரு வாழை இலையும் கூட எடுத்துட்டு வந்திருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்கு, கோடு அழியறதுக்குள்ள வாங்க.