ஏற்காட்டுக் காப்பித் தோட்ட வரலாறு: அச்சுக்கு முந்தைய மெய்ப்புப் பணி நடைமுறை

மொழிபெயர்ப்பாளர், மெய்ப்புப் பார்க்கும் இருவர், பக்க வடிவமைப்பாளர், செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தார் கவனத்துக்கு. நூல் டெம்மி அளவு, 304 பக்கம். 16 பக்கப் பாரமாக 19.

முதல் வாசிப்பில் ஆங்கில மூலத்தை மூடிவையுங்கள். தமிழாக மட்டும் படித்து, தடுக்கி நிற்கும் இடத்தில் ஓரத்தில் பென்சில் கோடு போட்டால் போதும். எழுவாய் எதுவென்று தேட வைக்கும் வாக்கியம் மொழிபெயர்ப்பாளரிடமே திரும்பிப் போக வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர் தாமாக மாற்றி எழுதக் கூடாது.

அடுத்தது ஒப்பு வாசிப்பு. நாள் போதவில்லை என்று இதை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். எழுத்துப் பிழையை வாசகர் மன்னிப்பார், விடுபட்ட பத்தியை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் தமிழ் வரிக்கு அடியில் அளவுகோலை நகர்த்திக்கொண்டே வரட்டும். அடுத்தடுத்த இரு பத்திகள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் தாவிவிடும். அங்கே நின்று பாருங்கள். எண்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்காட்டின் உயரம் 1,515 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,970 அடி. அடி மீட்டராக மாறும்போது எண் மாறாமல் நின்றுவிட்டால் சேர்வராயன் மலை இமயமலையாகிவிடும். மில்லியன், ஏக்கர், பவுண்டு வரும் இடங்களும் அப்படித்தான்.

பெயர்ப் பட்டியல் ஒன்று மேசையில் இருக்கட்டும்: சேர்வராயன், ஏற்காடு, நாகலூர், காக்பர்ன், காப்பி. பட்டியலில் உள்ள வடிவமே நூல் முழுவதும். 'காப்பித் தோட்டம்' ஓரிடத்தில் ஒற்றோடும் வேறிடத்தில் ஒற்றின்றியும் வரக் கூடாது.

இவை முடிந்த பிறகே பக்க வடிவமைப்பு. இன்டிசைனில் பத்தி அமைப்பு World-Ready Paragraph Composer என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறும். முதல் பக்க மெய்ப்பில் வரி முறிவு, பத்தியின் கடைசி வரி தனியே அடுத்த பக்கத்தின் தலையில் நிற்பது, அடிக்குறிப்பு எண், படவிளக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நடையைத் திருத்தத் தொடங்கினால் ஒரு வரி கூடி அத்தியாயமே நகர்ந்துவிடும். பொருட்பிழைக்கு மட்டும் கை வையுங்கள்.

இரண்டாம் மெய்ப்பில் பழைய திருத்தங்கள் ஏறிவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துவிட்டு, திருத்திய வரியோடு அதன் மேல்வரி, கீழ்வரியையும் படியுங்கள். திருத்தும் கை அங்கேதான் புதுப் பிழையை விட்டுச்செல்லும்.

பக்கங்கள் நிலைத்த பின்பே பொருளடக்க எண்களும் சொல்லடைவும். முதுகு அகலத்தை அச்சகத்தார் தரும் தாளின் தடிமனை வைத்துக் கணக்கிட வேண்டும். அச்சுக்கான பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்கள் பதிந்திருக்கின்றனவா, படங்கள் 300 டிபிஐ உள்ளனவா, பதிப்புரிமைப் பக்கத்து ஐஎஸ்பிஎன் பின்னட்டை எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பாரம் பாரமாக இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்தில்லாத பாரத்தை அச்சகத்தார் ஏற்ற வேண்டாம்.