விலைமனு: வெள்ளவத்தை காலி வீதி புடவைக் கடை, கீழ்த்தள வயரிங்

2026 மார்ச் 9

மதிப்புக்குரிய ஐயா,

பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை மெகர் கருவியை வைத்து வயர் உறையின் மின்காப்பைப் பார்த்ததில், பின்பக்க பிளக் லைன் 0.2 மெகா ஓம்தான் காட்டியது. 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. காசாளர் மேசைக்குப் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றியபோது வயரின் உறை கையோடு பொடிந்து வந்தது. எர்த் வயரும் இல்லை. இந்த வயரிங்கில் புது ட்ரிப் சுவிச் போட்டால் அது அடிக்கடி விழும். விழுகிறதே என்று யாராவது அதை நேரடியாக இணைத்துவிட்டால், துணி நிறைந்த கடையில் தீ ஆபத்து. அதனால் கீழ்த்தளம் முழுவதற்குமே விலை தருகிறேன்.

லைட் பொயின்ட் 22, ஒன்று ரூ. 4,800 வீதம்: ரூ. 105,600
13 ஆம்பியர் பிளக் பொயின்ட் 14, ஒன்று ரூ. 6,500 வீதம்: ரூ. 91,000
ஏசிக்குத் தனி லைன் 2 (4 சதுர மி.மீ. கேபிள், 20 ஆம்பியர் பிரேக்கர்), ஒன்று ரூ. 24,000 வீதம்: ரூ. 48,000
12 வழி டி.பி., 40 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச், பிரேக்கர்கள், புது எர்த் ரொட்: ரூ. 46,000
பழைய வயர் அகற்றல், சோதனை, எழுத்து மூல அறிக்கை: ரூ. 28,000
மொத்தம்: ரூ. 318,600

பொருளும் கூலியும் இதற்குள் அடக்கம். நான் வற் பதிவு செய்யவில்லை, ஆகவே வற் சேராது. லைட்டுக்கு 1 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. செப்புக் கேபிள். சுவர் வெட்டிய இடத்தைச் சாந்து பூசி மூடித் தருவோம்.

இதில் சேராதவை: பெயின்ட், சீலிங் பலகை, பல்பு, மின்விசிறி, ஏசி பொருத்துதல், பெயர்ப்பலகை லைட், கமரா வயர். ராக்கைகளையும் துணிகளையும் நீங்கள்தான் நகர்த்தித் தர வேண்டும். இப்போதைய 30 ஆம்பியர் இணைப்பு இரண்டு ஏசிக்குப் போதும். மூன்றாவது போடுவதானால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் இணைப்பை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும், அந்தச் செலவும் தனி. கூடுதல் பொயின்ட் கேட்டால் மேலுள்ள விலையே, ஆனால் வேலைக்கு முன் வட்ஸ்அப்பில் எழுதி உறுதிப்படுத்துங்கள். வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்ப்பதில்தான் பிறகு மனக்கசப்பு வருகிறது.

இந்த விலை மார்ச் 23 மாலை 5 மணி வரை செல்லும். கேபிள் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் அதற்குப் பிறகு புது விலைதான்.

கொடுப்பனவு: முற்பணம் 50 வீதம், ரூ. 159,300. கேபிள் இழுத்து முடிந்து, சுவர் மூடுமுன் நீங்கள் பார்த்த பின் 30 வீதம், ரூ. 95,580. சோதனை அறிக்கை தந்து 7 நாளுக்குள் மீதி ரூ. 63,720. காசோலையானால் பணம் கணக்கில் விழுந்த பிறகே வேலை தொடங்கும்.

மார்ச் 23க்குள் முற்பணம் கிடைத்தால் 25ஆம் திகதி தொடங்கி ஏழு இரவுகள், கடை பூட்டிய பின் 9 மணியிலிருந்து வேலை செய்வோம். புதுவருட வியாபாரத்துக்கு இடைஞ்சல் வராது. எங்கள் வேலையில் குறை வந்தால் 12 மாதத்துக்கு இலவசமாகத் திருத்துவோம். வேறொருவர் கை வைத்த லைனுக்கு இது பொருந்தாது.

சம்மதமானால் இந்தப் பிரதியில் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.

நன்றி.
மின் வேலை ஒப்பந்தக்காரர், கொழும்பு 6